கார் லோனுக்கு வட்டி கட்டியும் ஏன் வரி?

“கம்பெனியில் 2024 அக்டோபர் 1 அன்று 4% வட்டியில் 6 லட்சம் ரூபாய் கார் லோன் வாங்கினேன். மாதக் கடைசியில் அசலில் 10,000 ரூபாயும், வட்டியும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். மார்ச் வரை 11,500 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறேன். அப்படியும் படிவம் 12BA-வில் 13,925 ரூபாயைச் சலுகை என்று போட்டு வருமானத்தில் சேர்த்திருக்கிறார்கள். இது சரியா?”

9% வட்டியை வைத்துக் கணக்கிட்டிருந்தால் சரிதான். வருமான வரி விதி 3(7)(i) உங்கள் வட்டியை ஸ்டேட் பேங்க் வட்டியோடு ஒப்பிடுகிறது. நிதியாண்டின் முதல் நாளான ஏப்ரல் 1 அன்று, அதே தேவைக்கான கடனுக்கு அந்த வங்கி வாங்கிய வட்டிதான் அளவுகோல். அதற்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் சம்பளத்தின் ஒரு பகுதியாகிவிடும். இந்த விதி செல்லும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கணக்கு மாதக் கடைசி நாள் பாக்கியை வைத்துத்தான் ஓடும். உங்களுக்கு அக்டோபர் முடிவில் பாக்கி 5,90,000. மாதம் பத்தாயிரம் குறைந்து மார்ச் முடிவில் 5,40,000. ஆறு மாதப் பாக்கியையும் கூட்டினால் 33,90,000. இதற்கு 9% என்றால் மாதத்துக்கு 0.75%, அதாவது 25,425 ரூபாய். அதில் நீங்கள் கட்டிய 11,500 போக மிச்சம் 13,925. இந்தத் தொகை முழுவதும் வரியாகப் போவதில்லை. 20% வரி வரம்பில் இருந்தால் செஸ்ஸும் சேர்த்துச் சுமார் 2,896 ரூபாய்தான் கூடும்.

கம்பெனி எந்த வட்டியை எடுத்தது என்று தெரியாவிட்டால் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். 13,925-உடன் 11,500-ஐக் கூட்டி, 33,90,000-ஆல் வகுத்து, 1,200-ஆல் பெருக்கினால் 9 வரும். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கார் லோனுக்குப் பர்சனல் லோன் வட்டியைப் போட்டுவிடுவார்கள். 12% போட்டிருந்தால் உங்கள் சலுகை மதிப்பு 22,400 ஆகியிருக்கும். அதனால் 2024 ஏப்ரல் 1 அன்று இருந்த கார் லோன் வட்டியோடு அந்த 9-ஐ ஒப்பிடுங்கள். புது கார், பழைய கார் வட்டி வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். பொருந்தவில்லை என்றால் சம்பளப் பிரிவில் கணக்குத்தாளைக் கேட்டு வாங்கித் திருத்தச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைத்ததே என்று கேட்கலாம். அது இந்த ஆண்டுக் கணக்கைத் தொடாது. அடுத்த நிதியாண்டுக்கு அந்த ஏப்ரல் 1 வட்டியைப் புதிதாக எடுப்பார்கள். உங்கள் 4% மாறாவிட்டாலும் சலுகை மதிப்பு கூடவோ குறையவோ செய்யும்.

அப்புறம், கையில் பணம் வந்து அசலில் ஒரு லட்சம் முன்கூட்டியே கட்டுவதாக இருந்தால் அடுத்த மாதம் 2-ம் தேதிக்குத் தள்ளாமல் மாதம் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் அந்த மாதத்துக்கான 9% கணக்கில் 750 ரூபாய் குறையும்.