தனியாக நாலு நிமிடம், மனைவியுடன் முக்கால் மணி நேரம்

கேள்வி: எனக்கு 31 வயது. கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். விறைப்பு நன்றாக வருகிறது. ஆனால் மனைவியுடன் முக்கால் மணி நேரம் போராடினாலும் விந்து வருவதில்லை, களைத்துப்போய் விட்டுவிடுகிறோம். தனியாகக் கையால் செய்தால் நாலு நிமிடத்தில் வந்துவிடும். பல வருடங்களாக ரொம்ப இறுக்கிப் பிடித்து வேகமாகச் செய்யும் பழக்கம். நரம்பு செத்துவிட்டதா? தன்னை எனக்குப் பிடிக்கவில்லையோ என்று மனைவி அழுகிறாள். மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. குடிப்பழக்கமும் இல்லை.

பதில்: நரம்பு சாகவில்லை. கெட்டுப்போன நரம்பாக இருந்தால் உங்கள் கையிலும் தாமதமாகத்தான் முடியும். அந்த நாலு நிமிடத்தை நீங்கள் எழுதியதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கும், மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் பெரும்பாலும் தனியாக இருந்தாலும் நேரமாகும். தனியாகச் சீக்கிரம், துணையுடன் மட்டும் முடியவில்லை என்றால் முதலில் பழக்கத்தைத்தான் சந்தேகிப்போம்.

நடந்திருப்பது இதுதான். இறுகிய கை கொடுக்கும் அழுத்தத்தைப் பெண்ணுறுப்பு கொடுக்காது. அது மென்மையானது, ஈரமானது, உரசலும் குறைவு. உங்கள் மூளையோ இத்தனை வருடமாக ஒரே அழுத்தம், ஒரே வேகம், ஒரே கை என்று பழகி, அந்தக் கணக்குக்கு வந்தால்தான் உச்சம் என்று வைத்திருக்கிறது. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். முடியும் நேரத்தில் காலை விறைப்பாக நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா? லைன் வீட்டில் வளர்ந்த பலருக்கு இது உண்டு. ஒரே அறையில் நாலு பேர், தடுப்பு என்று பார்த்தால் ஒரு போர்வைதான். சத்தம் வராமல் சீக்கிரம் முடித்தாக வேண்டும். இறுக்கமும் அவசரமும் சேர்ந்தே பழகியிருக்கும். குப்புறப் படுத்து மெத்தையில் அழுத்திப் பழகியவர்களுக்கும் இதே கதைதான். மாறக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

கேத்தி பக்கம் கேரட் போடும் ஒருவர், 35 வயது, இதே தொந்தரவோடு என்னிடம் வந்தார். உணர்ச்சி மங்கிவிட்டது என்று தானாகவே முடிவு செய்து, ‘சூடு ஏற்ற’ நீலகிரித் தைலத்தை அங்கே பூசியிருந்தார். மொட்டுப் பகுதி சிவந்து, தோல் உரிந்து, ஒரு வாரம் உள்ளாடைகூடப் போட முடியவில்லை. தைலம் தலைவலிக்கு, தயவுசெய்து! புண் ஆறிய பிறகுதான் சிகிச்சையைத் தொடங்கினோம்.

முதல் இரண்டு வாரம் கையே படக்கூடாது என்றேன். மனைவியுடன் உடலுறவும் வேண்டாம். கட்டிக்கொள்ளலாம், முத்தமிடலாம், அவ்வளவுதான். இடையில் தூக்கத்தில் விந்து வந்தால் அது கணக்கில் சேராது. மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு முறை தனியாகச் செய்யலாம், ஆனால் வேறு மாதிரி. அவர் வலது கைக்காரர், அதனால் இடது கை. கையைச் சூடாக்கிக்கொண்டு தேங்காய் எண்ணெய். கனிந்த பிளம்ஸை நசுக்காமல் எடுப்போமே, அந்த அளவுக்குத்தான் பிடி. முழங்காலை மடக்கித் தளர்த்தி, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் வரவில்லையா, விட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். விறைப்பு தளர்ந்தாலும் பரவாயில்லை. பழைய பிடிக்கு மட்டும் திரும்பக் கூடாது.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். இருபது நிமிடம் மெதுவாகச் செய்துவிட்டுக் கடைசி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்தால், மூளை ஞாபகம் வைத்துக்கொள்வது அந்த அரை நிமிடத்தைத்தான். கேத்திக்காரரும் நாலாவது வாரம் அப்படிச் செய்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னார். சரி, மறுபடி ஒரு வாரம் நிறுத்துங்கள் என்றேன். அதற்கப்புறம் ஆறாவது வாரம் மெல்லிய பிடியிலேயே, பதினைந்து நிமிடத்தில் வந்தது.

அடுத்தது மனைவியின் கை. உங்கள் வீட்டிலும் இதே வரிசைதான். அவர் கையை நீங்கள் பிடித்து இறுக்கக் கூடாது; வேகத்தை மட்டும் சொல்லித்தரலாம். அது கைகூடியதும், உச்சம் நெருங்கிவிட்டது, இனி நிறுத்த முடியாது என்று தோன்றும் நேரத்துக்குச் சற்று முன்பு உள்ளே நுழையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னதாக நுழையலாம். கேத்திக்காரருக்கு இது ஒன்பதாவது வாரம் அமைந்தது. சிலருக்கு மூன்று மாதம், அதற்கு மேலும் ஆகலாம். உராய்வு எரிச்சலாக இருந்தால் எண்ணெய் போதும். ஆணுறை போடுபவராக இருந்தால் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும். மருந்துக் கடையில் நீரில் கரையும் வழவழப்பு ஜெல் கேட்டு வாங்குங்கள். ‘நேரம் நீடிக்க’ என்று விற்கும் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருப்பது மரத்துப்போக வைக்கும் மருந்து; உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

இதைக் குணப்படுத்தும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. விறைப்பு மாத்திரையாலும் பயனில்லை, உங்களுக்கு விறைப்பில் குறையே இல்லையே. லாட்ஜில் அறை எடுத்து ‘நரம்புத் தளர்ச்சி’ பார்ப்பவரிடம் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சுய இன்பம் நோயும் அல்ல. பிடியும் அவசரமும்தான் இங்கே பிரச்சினை.

மனைவியிடம் என்ன சொல்வது என்றும் தவிப்பீர்கள். படுக்கையில், முயற்சி தோற்ற கையோடு சொல்லாதீர்கள். பகலில், இருவரும் டீ குடிக்கும்போது சொல்லுங்கள்: “உன்னால இல்ல. என் கைப்பழக்கத்தால என் உடம்பு அதுக்கே பழகிப்போச்சு. டாக்டர் சில வாரம் கேட்டிருக்காரு, நீயும் கூட இருக்கணும்.” முக்கால் மணி நேரப் போராட்டத்தில் அவருக்கு வலியும் எரிச்சலும் இருந்திருக்கும், அதையும் கேளுங்கள். இனி இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் பழக்கம்தான் காரணம் என்று வைத்துச் சொன்னது. பஞ்சைத் திரித்து மொட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். தொடுவதே தெரியவில்லை என்றாலோ, பாதம் மரத்திருந்தாலோ, உச்ச உணர்வு வந்தும் விந்து மட்டும் வரவில்லை என்றாலோ கதை வேறு. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரை நேரில் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே திடீரென மரத்துப்போய், சிறுநீர் கழிக்க முடியாமலும் போனால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறி.

குழந்தைக்கு வீட்டில் நெருக்குகிறார்கள் என்றால், பெரியவர்களிடம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். நாள் குறித்து, இன்றைக்கு வந்தே ஆகவேண்டும் என்று படுத்தால் மெல்லிய பிடியிலும் வராது.