கடைசி அறையில் வைஃபை எட்டவில்லை: பதில்

“புது ரவுட்டர் டிவி அலமாரிக்குள் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கடைசி அறையில் சிக்னல் ஒரு கோடுதான். வேறு ரவுட்டர் வாங்கணுமா?”

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் அதை அலமாரியை விட்டு வெளியே எடுங்கள். டிவியின் பின்பக்க உலோகத் தகடு சிக்னலை மறித்துவிடும். இணைய கேபிள் எட்டும் வரை வீட்டின் நடுப்பக்கமாக நகர்த்தி, தலை உயரத்தில் திறந்தவெளியாக வையுங்கள். ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி விடுங்கள். அதன் சிக்னல் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், நுனியின் திசையில் குறைவு.

அப்புறம் கடைசி அறையில் போனை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலமிழக்கும். இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே இருந்தால் 2.4-தான் கைகொடுக்கும். அதுவும் திணறினால் மட்டும் சிக்னலை நீட்டிக்க இரண்டாவது கருவியை யோசிக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் மாற்றியது வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தான். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை (பெரும்பாலும் `192.168.0.1` அல்லது `192.168.1.1`) பிரவுசரில் திறந்து பாருங்கள். `admin` / `admin` என்று போட்டு உள்ளே போக முடிந்தால், உங்கள் வைஃபையில் இணையும் எந்த விருந்தாளியும் அப்படியே போகலாம். அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.