எண்ணெய் டின் கணக்கு ஸ்டாக்கில் ஏன் குறைகிறது?

"காரைக்குடியில் பலகாரக் கடை. பர்ச்சேஸில் கடலை எண்ணெய் 'டின்', ஸ்டாக்கில் 'கிலோ'. 1 டின் = 15 கிலோ என்று போட்டு சிங்க் செய்கிறோம். எடை போட்டால் இருப்பு குறைகிறதே, ஏன்?"

முதலில் டின்னில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 0.91 கிலோ என்பதால் 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். 10 டின் இறங்கினால் சிஸ்டம் 150 கிலோ ஏற்றும், வந்ததோ 136.5.

முறுக்கு, சீப்புச்சீடை அதிகம் சுட்ட வாரத்தில் குறைவு கூடினால் அடுப்படியைப் பாருங்கள். டின் இறங்கிய அளவுக்கு ஏற்பக் கூடினால் தப்பு, 1 டின்னுக்கு இத்தனை கிலோ என்று போட்ட மாற்று எண்ணில்தான்.

ஆகவே 'டின்' என்ற அலகுக்குப் பொதுவாக ஒரே எண் வைக்காதீர்கள். இரண்டு டின்னுக்கும் தனித்தனி ஐட்டம் கோடு போட்டு, மாற்று எண்ணை அதில் வையுங்கள். விலையும் அதே எண்ணால் வகுபட வேண்டும்: 15 லிட்டர் டின் 2,730 ரூபாய் என்றால் கிலோ 200. 15-ஆல் வகுத்தால் 182 என்று வரும், முறுக்கின் அடக்கவிலையே பொய்யாகிவிடும்.

அப்புறம், ஒவ்வொரு வரவு வரியிலும் அன்றைய மாற்று எண்ணையும் சேமியுங்கள். பழைய டின்னைத் திருப்பி அனுப்பும்போது ஏறிய கிலோவே இறங்கும்.