ஸ்மியரில் பிளாஸ்ட் செல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பாவின் ரத்த ஸ்மியர் படத்தை அனுப்பியுள்ளேன். கருநீலமாகப் பெரிய செல்கள் தெரிகின்றன. ரத்தப் புற்றுநோயா?

பதில்: வயது, ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை எதையும் எழுதாமல் ஒரே ஒரு படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நோயின் பெயரைக் கேட்கும் கடிதங்கள் வாரந்தோறும் வருகின்றன, இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்கள் படத்தில் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, அதாவது அது கண்ணாடியில் தேய்த்த ரத்தப் பூச்சின் தடித்த பகுதி. அங்கே வெள்ளையணுக்கள் விரிய இடமின்றிச் சுருங்குவதால், லிம்ஃபோசைட் என்ற சாதாரண வெள்ளையணுவின் உட்கருவும் கருத்து, அச்சமூட்டும் தோற்றம் பெறும். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் மெல்லிய பகுதியில்தான் செல்லைப் பார்க்க வேண்டும். முதிராத ரத்த செல்லான பிளாஸ்ட் என்றால் உட்கரு செல்லை ஏறக்குறைய நிரப்பியிருக்கும், உட்கருவின் மரபுப்பொருளான குரோமாட்டின் நுண்ணிய தூள்போல் இருக்கும், அதற்குள் நியூக்ளியோலஸ் என்ற சிறு வட்டம் தெரியும். வைரஸ் காய்ச்சலில் வரும் லிம்ஃபோசைட்டும் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் அதன் சைட்டோபிளாசம் தாராளமாகப் பரந்து, அருகிலுள்ள சிவப்பணுக்களைத் தழுவி வளைந்திருக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு குடும்பம் பல நாட்கள் தூங்காமல் தவித்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: எண்ணிக்கையையும் ஸ்லைடையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஸ்லைடைப் பார்ப்பவர் நோயியல் மருத்துவராக இருக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளையணுக்கள் 2,100 மட்டுமே, நூற்றில் 4 பிளாஸ்ட் என்கிறார்கள். இவ்வளவு குறைவாக இருக்க, மஜ்ஜைப் பரிசோதனை எதற்கு?

பதில்: குறைவாக இருப்பதால்தான் அது அவசியமாகிறது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் பிளாஸ்ட் செல்கள் காணப்படுவதில்லை. அவை மஜ்ஜையில்தான் இருக்கும், அங்கும் நூற்றுக்கு 5-ஐத் தாண்டாது. மஜ்ஜையில் பெருகிய செல்கள் எல்லா நோயாளிகளிடமும் ரத்தத்துக்குள் வெள்ளமாகக் கொட்டுவதில்லை. ஆகையால் ரத்தத்தில் 4 இருப்பவருக்கு மஜ்ஜையில் 8-ம் இருக்கலாம், 60-ம் இருக்கலாம். பொதுவாக 20-ஐ எட்டினால் அது தீவிர ரத்தப் புற்றுநோய். 8 என்றால் மஜ்ஜை சரியாக முதிராத வேறொரு நோயாக இருக்கலாம், அதன் சிகிச்சை வேறு. சில மரபணு மாற்றங்கள் இருந்தால் 20-க்குக் கீழேயும் தீவிர ரத்தப் புற்றுநோய்தான் என்பதால், குரோமோசோம் பரிசோதனைக்கும் அந்த மஜ்ஜை மாதிரியே சிறந்தது. உறிஞ்சும்போது மஜ்ஜை வரவில்லையெனில், நார்த்திசு பெருகியிருக்கலாம் அல்லது செல்கள் நெருக்கமாக அடைத்திருக்கலாம். அப்போது எலும்புத் துண்டே விடை சொல்லும்.

கேள்வி: முதுகுத் தண்டில் ஊசி போடுவார்களா?

பதில்: இல்லை. இடுப்பெலும்பின் பின்புறத்தில், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்தபின் எடுப்பார்கள். தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை.

கேள்வி: ரத்தத்திலேயே 70 சதவீதம் பிளாஸ்ட் என்றாலும் மஜ்ஜை வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டும். நோய் இன்னதென்றும், எந்த வகைச் செல் என்றும் செல்களின் அடையாளக் குறிகளைப் படிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை ரத்தத்திலேயே சொல்லிவிடும். ஆனால் சிகிச்சைக்குப் பின் எடுக்கும் மஜ்ஜையை ஒப்பிட, முதல் நாளின் நிலை பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் துகள்கள் நிறைந்த, பிளாஸ்டுக்கு அடுத்த நிலைச் செல்களான புரோமைலோசைட்டுகள் மிகுந்து, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், சிகிச்சையைத் தொடங்க மஜ்ஜை அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.