லீவு நாளுக்கான பதில்கள்: ஐந்து மாதிரிகள்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் சிறிய கணக்கியல் அலுவலகம் ஒன்றில் ஐந்து பேர் வேலை செய்கிறோம். யாராவது லீவு எடுத்தால் அன்றைக்குத்தான் அவசரமாக ஒரு பதிலை எழுதிப் போடுகிறோம். திகதி பிழைத்துவிடும். சில நேரம் போன தடவை எழுதியதே திரும்பப் போய்விடும். வாடிக்கையாளர்கள் யாரிடம் கேட்பதென்று தெரியாமல் எல்லாருக்கும் கோல் எடுக்கிறார்கள். சாதாரண லீவு, திடீர்ச் சுகயீனம், வெளிவேலை, செத்தவீடு, புத்தாண்டு மூடல் ஆகியவற்றுக்குக் கைவசம் வைத்திருக்கச் சில மாதிரிகள் தருவீர்களா?

ம. சு., வெள்ளவத்தை

அன்புள்ள ம. சு.,

ஐந்து சந்தர்ப்பங்களுக்கும் ஐந்து வேறு கடிதங்கள் தேவையில்லை. ஒன்றை ஒழுங்காக எழுதிவிட்டால் மற்றவை அதிலிருந்து ஒன்றிரண்டு வரி மாறுபவைதான். மடல் அனுப்பியவருக்கு நான்கு விடயங்கள் தெரியவேண்டும்: எந்த நாள் வரை ஆள் இல்லை, அனுப்பிய மடலுக்கு என்ன நடக்கும், அவசரமென்றால் எங்கே போவது, அங்கே எந்த வேலை முடியும். ஏன் லீவு என்பது இந்த நான்கிலும் இல்லை. பலர் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டு, கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் கோல் எடுப்பது அதனால்தான்.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுப்போம். சம்பளப் பட்டியல் பார்ப்பவர் 2026 செப்டெம்பர் 10 வியாழன் முதல் 16 புதன் வரை லீவு. ஊழியர் சம்பளத்தில் கழித்த வருமான வரியை மறுமாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும். ஓகஸ்ட் மாத வரியின் கடைசி நாள் அவருடைய லீவுக்குள்ளேயே வருகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு மாதக் கடைசி வரை காலம் இருக்கிறது, அது அவர் வந்தபிறகு நடக்கலாம். ஆகவே அவருடைய பதில் இப்படி இருக்கவேண்டும்:

> வணக்கம். செப்டெம்பர் 17 வியாழக்கிழமை மீண்டும் வேலைக்கு வருகிறேன். அதுவரை மடல்களைப் பார்க்கமாட்டேன்.
>
> 15ஆம் திகதிக்குள் கட்டவேண்டிய சம்பள வரி பற்றியதென்றால், ஓகஸ்ட் சம்பளப் பட்டியலை [அலுவலகப் பொது முகவரி] க்கு அனுப்புங்கள். கட்டவேண்டிய தொகையைக் கணக்கிட்டு உங்களுக்கு அறிவிப்பார்கள்.
>
> மற்ற விடயங்களைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. 18ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவேன்.

“16 வரை லீவு” என்று எழுதாமல் “17 வருகிறேன்” என்று எழுதியதைக் கவனியுங்கள். “16 வரை” என்றால் 16ஆம் திகதி இருப்பாரா, மாட்டாரா என்று படிப்பவர் யோசிப்பார். “அடுத்த கிழமை வருவேன்” என்பது இன்னும் மோசம், ஏனென்றால் மடல் திங்கள் வந்தாலும் வெள்ளி வந்தாலும் அதே பதில்தான் போகிறது. திகதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும். இரண்டில் ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். பதில் தரும் நாளை ஒரு நாள் தள்ளிப் போட்டதும் வேண்டுமென்றேதான். திரும்பி வந்த முதல் நாள் குவிந்த மடல்களைப் பார்க்கவே சரியாகிவிடும்.

பொது முகவரியைக் கொடுப்பதற்கு முன் அங்கே பொறுப்பெடுப்பவரிடம் கேட்டு, அவரும் அந்த நாட்களில் லீவில் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். ஒருவரின் பதில் மற்றவரைக் காட்ட, மற்றவரின் பதில் இவரையே திருப்பிக் காட்டுவது ஐந்து பேர் உள்ள அலுவலகத்தில் மிக எளிதாக நடந்துவிடும். ஆளின் பெயரைப் போடாமல் பொது முகவரியைப் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் பணம் கையாளும் அலுவலகம். இன்னார் இல்லாதபோது இன்னார்தான் கொடுப்பனவுக்கு ஒப்புதல் தருவார் என்று முகம் தெரியாத எவருக்கும் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும் பதில், போலிக் கணக்கு இலக்கம் அனுப்பி ஏமாற்றுபவர்களுக்குத் தேவையான தகவல் முழுவதையும் கொடுத்துவிடுகிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போகிறேன் என்பதையும் அதே காரணத்துக்காக எழுதவேண்டாம். அவுட்லுக்கின் Automatic Replies பகுதியில் அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பதிலும் வெளியாட்களுக்கு வேறொரு பதிலும் வைக்கலாம். கைத்தொலைபேசி இலக்கம், மாற்றாளின் பெயர் எல்லாம் உள்ளே போகும் பதிலில் மட்டும் இருக்கட்டும்.

திடீர்ச் சுகயீனத்துக்கு மாதிரி மிகச் சிறியதாக இருக்கவேண்டும். காய்ச்சலில் படுத்திருப்பவர் யோசித்து எழுதமாட்டார். எப்போது குணமாகும் என்பதும் தெரியாது. ஆகவே திரும்பும் நாளைச் சொல்லாமல், அடுத்து அறிவிக்கும் நாளைச் சொல்லுங்கள்:

> வணக்கம். எதிர்பாராத காரணத்தால் இன்று வேலைக்கு வரவில்லை. திகதி குறிக்கப்பட்ட வேலைகளை [அலுவலகப் பொது முகவரி] க்கு அனுப்புங்கள், அங்கே பார்ப்பார்கள். எப்போது திரும்புவேன் என்பதை [திகதி, கிழமை] அன்று இங்கே அறிவிப்பேன்.

இதில் நிரப்பவேண்டியது திகதி ஒன்றுதான், பொது முகவரி எப்போதும் ஒன்றென்பதால் அதை முதலிலேயே எழுதி வைத்துவிடலாம். நோயின் பெயர் தேவையில்லை. இந்தப் பதிலை யார் போடுவது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். நிறுவனத்துக்கான அவுட்லுக் கணக்கென்றால் நிர்வாகி இன்னொருவரின் பெட்டியிலும் இதை இயக்கிவிடலாம். சாதாரண ஜிமெயிலில் கணக்குக்காரரே செய்யவேண்டும். போனில் உள்ள ஜிமெயில் செயலியின் Settings பகுதியில், கணக்கைத் தொட்டால் Vacation responder கிடைக்கும். ஐந்து பேரும் சுகமாக இருக்கும் ஒரு நாளில் அதை ஒருமுறை திறந்து பார்த்துவைத்தால் போதும்.

அரை நாள் வெளிவேலைக்கு, உதாரணமாக வாடிக்கையாளரின் களஞ்சியத்தில் இருப்பு எண்ணப் போகும்போது, மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் போடவேண்டாம். மூன்று மணித்தியாலத்துக்குப் போட்டதை நிறுத்த மறந்து மூன்று நாள் ஓடவிடுவதுதான் வழமை. வட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்:

> இன்று பி.ப. [நேரம்] வரை வெளிவேலையில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. செய்தியை எழுதி விடுங்கள், அதன்பிறகு நானே அழைக்கிறேன்.

சாதாரண வட்ஸ்அப்பில் இதைத் தானாக அனுப்ப வழி இல்லை. WhatsApp Business செயலியில் Away message என்ற வசதி இருக்கிறது, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறிக்கலாம். ஆனால் அந்தப் போனுக்கு இணையத் தொடர்பு இருந்தால்தான் பதில் போகும். டேட்டாவை நிறுத்திவிட்டு வேலை பார்த்தால் எதுவும் போகாது, வாடிக்கையாளர் வெறுமனே காத்திருப்பார்.

செத்தவீடு மட்டும் தனி. காரணத்தைச் சொல்லக்கூடாது என்ற விதியை இங்கே கொஞ்சம் தளர்த்தலாம். சொல்லாவிட்டால் அந்த மனிதரை நாளுக்குப் பத்துப் பேர் சம்பளப் பட்டியல் கேட்டு அழைப்பார்கள்.

> வணக்கம். குடும்பத்தில் நேர்ந்த இழப்பினால் இப்போது வேலையில் இல்லை, [திகதி, கிழமை] மீண்டும் வருகிறேன். இந்த நாட்களில் தொலைபேசியில் அழைக்காமல் [அலுவலகப் பொது முகவரி] க்கு எழுதுங்கள். என்னிடம் இருந்த வேலைகள் அனைத்தும் அங்கே ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

கடைசி வரியை எழுதுவதற்கு முன் அது உண்மையாகியிருக்க வேண்டும். இதை அவர் எழுதக்கூடாது, பக்கத்து மேசையில் இருப்பவர் எழுதவேண்டும். யார் இறந்தார், கிரியை எங்கே என்பதையெல்லாம் அலுவலகத்துக்குள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். முப்பத்தோராம் நாளுக்கு அவர் மறுபடியும் லீவு எடுப்பார், அப்போது முதல் மாதிரியே போதும்.

சித்திரைப் புத்தாண்டு மூடல் ஒரு விதத்தில் வேறுபட்டது. மாற்றாள் யாரும் இல்லை. ஏப்ரல் 13, 14 ஆகிய இரண்டு நாட்களோடு நீங்கள் கூடுதலாக மூடும் நாட்களையும் சேர்த்து, திறக்கும் திகதியைச் சொல்லுங்கள். “மார்ச் மாதச் சம்பளப் பட்டியலை [திகதி] க்கு முன் அனுப்பினால் மட்டுமே 15ஆம் திகதிக்குள் வரியை முடிக்கலாம்” என்ற வரியை மூடுவதற்கு ஒரு கிழமை முன்பே தனி மடலாக அனுப்பவேண்டும். மூடியபிறகு தானியங்கிப் பதிலில் அதைப் படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. தீபாவளிக்கு அரச அலுவலகங்களும் வங்கிகளும் மூடியிருக்கும், ஆனால் அது வணிக விடுமுறை அல்ல. அன்று நீங்கள் மூடினாலும் வாடிக்கையாளரின் கடை திறந்திருக்கக்கூடும். போயா தினத்தை வெளிநாட்டு வாடிக்கையாளர் அறியமாட்டார். இரண்டு இடத்திலும் பண்டிகையின் பெயரை நம்பாமல் திகதியை எழுதுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் போடுவதென்றால், மூன்று மொழியிலும் திரும்பும் திகதியை முதல் மூன்று வரிகளில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கீழே எழுதுங்கள். போனில் பார்ப்பவர் கீழே இறங்கித் தன் மொழியைத் தேடமாட்டார்.

போன தடவை எழுதியதே திரும்பப் போவதற்கு மருந்து, பழைய பதிலைத் திருத்தி எழுதும் பழக்கத்தை விடுவது. மாதிரிகளை எல்லாரும் திறக்கக்கூடிய ஒரே ஆவணத்தில் வையுங்கள். மாற்றவேண்டிய இடங்கள் எல்லாம் சதுர அடைப்புக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து புதிதாக எடுத்து ஒட்டி, நிரப்பியபின் “[” என்ற குறியைத் தேடுங்கள். ஒன்று அகப்பட்டாலும் நிரப்பாத இடம் இருக்கிறது. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் செயலியிலேயே குறித்துவிட்டால் நிறுத்த மறப்பதும் இல்லை. ஜிமெயிலில் முடியும் நாள் இரவு 11.59க்கு அது தானாக நின்றுவிடும். பிறகு அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒரு முகவரியிலிருந்து ஒரு மடல் அனுப்பிப் பாருங்கள். உள்ளிருந்து சோதித்தால் உள்ளாட்களுக்கான பதில்தான் வரும்.

லீவு நீண்டுவிட்டால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவுட்லுக் ஒருவருக்கு ஒரு தடவைதான் பதில் அனுப்பும். திகதியை மாற்றும்போது முழுவதும் நிறுத்திவிட்டு மறுபடி இயக்கிவிடுங்கள். அப்போது முன்பு பதில் பெற்றவருக்கும் புதியது போகும். ஜிமெயிலில் அது தேவையில்லை: பதிலைத் திருத்தியவுடன் யாருக்குப் பதில் போனது என்ற கணக்குப் புதிதாகத் தொடங்கும், அதே ஆள் அடுத்து எழுதும்போது புதிய திகதி அவருக்குப் போய்ச்சேரும். திருத்தாவிட்டால் நான்கு நாளுக்கு ஒரு தடவைதான். வரி கட்டும் திகதியை வைத்துக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், எந்தச் செயலியாக இருந்தாலும், நீடித்த திகதியை ஒருவர் கையால் எழுதி அனுப்பிவிடுங்கள்.