லோன் 100 வீதம் கட்டுப்படுதாம், உண்மையா? மகளிர் சுயஉதவிக் குழு கண்காணிப்பு பற்றி கேள்வி பதில்

கேள்வி (குச்சவெளி): அக்கா, எங்கட லோக்பிரேம் எண்ட திட்ட இலக்கு அட்டவணையில "குடும்ப வருமானம் 30 வீதம் கூடும்" எண்டு இண்டிகேட்டர். தொடக்கக் கணக்கான பேஸ்லைன் டிசம்பர்ல எடுத்தம், முடிவுக் கணக்கான எண்ட்லைன் ஜூன்ல. வருமானம் இரட்டிப்பாகிட்டு! டோனருக்கு இதை அனுப்பலாமா?

அனுப்பாதீங்க தம்பி. டிசம்பர்ல வாடைக்காற்றும் மழையும், கடல் கொந்தளிப்பு, போட் கரையில கிடக்கும், கருவாடு போடுற பொம்பிளைக்குக் கையில ஒண்டும் இராது. ஜூன்ல கடல் அமைதி, மீன் ஓடுற காலம். நீங்க அளந்தது குழுவ இல்ல, காத்தை. எண்ட்லைனையும் டிசம்பர்லயே எடுங்க, புரொஜெக்ட் முதலே முடியுதெண்டா பேஸ்லைன் மாசம் எதுவெண்டு ரிப்போர்ட்ல பெரிசா எழுதுங்க. விலைவாசியையும் கழிக்கோணும், 2022 செப்டம்பர்ல கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது, அந்த வருச தொடக்கத்தில பேஸ்லைன் எடுத்த ஆக்களுக்கு ரூபாக் கணக்கு மட்டும் பார்த்தா எல்லாரும் முன்னேறின மாதிரித்தான் தெரியும்.

கேள்வி (கிண்ணியா): குழுவில இல்லாத பொம்பிளையளோட ஒப்பிட்டா மாசம், விலை எல்லாப் பிரச்சினையும் போயிரும்தானே?

பாதி சரி நானா. பருவமும் விலையும் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான், அது கழிஞ்சிரும். ஆனா குழுவில சேர்ந்தவ ஏற்கனவே கொஞ்சம் துணிஞ்சவ, கையில சில்லறை புழங்கிறவ. மிகவும் கஷ்டப்பட்டவ மாசச் சேமிப்புக்குப் பயந்து சேராமலே இருப்பா. அடுத்த வருசம் குழு தொடங்கப் போற ஊர்ல, பேர் குடுத்து வச்சிருக்கிற ஆக்களோட ஒப்பிட்டா கொஞ்சம் நம்பலாம். அதுவும் முழுசா இல்ல.

கேள்வி (மூதூர்): எங்கட குழுக்கள்ல கடன் மீளச் செலுத்தல் 100 வீதம், இதைவிட நல்ல இண்டிகேட்டர் இருக்கா?

இந்த 100 எண்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு உதாரணம் போடுறன். கடன் எடுத்த 8 பேர், ஆளுக்கு மாசம் 2,000, வரவேண்டியது 16,000. அஞ்சு பேர் ஒழுங்கா கட்டினா 10,000. ஒருத்தி கருவாடு வித்த காசில மூண்டு தவணையையும் ஒண்டா 6,000 கட்டிட்டா. மற்ற ரெண்டு பேர் கட்டவே இல்ல. கூட்டிப் பாருங்க, 16,000 வந்திட்டு, புத்தகத்தில 100 வீதம்! இப்ப மற்றப் பக்கத்தால பாருங்க: கட்டாத ரெண்டு பேரும் ரெண்டு மாசமா பிந்தி நிக்கினம், ஆளுக்கு 14,000 மிச்சம், மொத்தம் 28,000. குழுவுக்கு வெளிய நிக்கிற கடன் எல்லாம் சேர்த்து 1,00,000. அப்ப 28 வீதம் ஆபத்தில கிடக்கு. 30 நாளுக்கு மேல பிந்தின ஆக்களின்ர மிச்சக் கடன், மொத்த மிச்சக் கடன்ல எத்தினை வீதம், இதைத்தான் மாசாமாசம் எடுங்க. குழுவின்ர கடன் புத்தகமே போதும்.

ஆனா இதிலயும் அகப்படாத ஒண்டு இருக்கு. வீட்டு வாசலுக்கு வாற கிழமை லோன்ல எடுத்து குழுத் தவணையக் கட்டுறது. அதுக்கு "இந்தக் காசு எங்கால வந்தது" எண்டு தனியக் கேக்கோணும், கூட்டத்தில கேட்டா ஒருத்தியும் வாய் திறக்கமாட்டா. நான் எத்தினை தரம் கேட்டும் பாதிப் பேர்தான் உண்மை சொன்னவை, இதுக்கு ஒழுங்கான வழி எனக்கு இன்னும் அகப்படேல்ல.

கேள்வி (தம்பலகாமம்): நீங்க கணக்கு எண்டு சொல்லுறீங்க, எங்கட தலைவி ஒரு வருசமா புத்தகமே காட்டேல்ல, ஆரிட்டப் போறது?

தங்கச்சி, அது வேற கேள்வி, ஆனா விடமாட்டன். எல்லாரும் தங்கட பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒரு இடத்தில இருங்க, சேமிப்பெல்லாம் கூட்டி எழுதுங்க, பிறகு வங்கி மீதிய எடுங்க, அதோட கடனா வெளிய நிக்கிறதையும் சேருங்க. சேமிப்புத் தொகைய விட இது குறையுதெண்டா அந்தத் தாளோட பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்க. மற்றவைக்கும் சொல்லுறன், தலைவி தாற புத்தகம் மட்டும்தான் டேட்டா எண்டா இப்பிடித்தான், ஒவ்வொரு குழுவிலயும் அஞ்சு பாஸ்புக்கையாவது ஒத்துப் பாருங்க.

கேள்வி (சம்பூர்): பேஸ்லைனே எடுக்கேல்ல அக்கா, ரெண்டு வருசம் போட்டுது. கதை முடிஞ்சுதா?

முழுசா முடியேல்ல. சேமிப்பும் வருகையும் பழைய பாஸ்புக், கூட்டக் குறிப்புப் புத்தகத்தில கிடக்கு, அதில இருந்து எடுக்கலாம். போன வருமானத்தக் கேக்காதீங்க, ஆருக்கும் ஞாபகம் இராது, வாய்க்கு வந்ததச் சொல்லுவினம். "குழு தொடங்கின வருசம் சித்திரைப் புதுவருசத்துக்கு உங்கட நகை கையில இருந்ததா, அடைவில இருந்ததா" எண்டு கேளுங்க. அத ஒரு பொம்பிளையும் மறக்கமாட்டா, அடைவுத் துண்ட வச்சிருக்கிறவ கொண்டந்தும் காட்டுவா.