வெள்ளி விழாவில் பெற்றோருக்கு வாசிக்கும் வாழ்த்து

“அப்பா தையல் கடை வைத்திருக்கிறார், அம்மா உடன் உழைக்கிறார். அவர்களுடைய 25ஆம் திருமண நாளில் நானும் தங்கையும் வாசிக்க ஒரு வாழ்த்து வேண்டும். நாங்கள் எழுதியது அழைப்பிதழ்போல் இருக்கிறது.”

அடைமொழிகளை நீக்கிவிட்டு, இருவரும் சேர்ந்து உழைத்த ஒரு காட்சியை மட்டும் விரித்து எழுதுங்கள். தையல்காரர் வீட்டில் அது தீபாவளிதான். என் மாதிரி இது. விவரங்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“அப்பா, தீபாவளிக்கு முந்தைய இரவு ஊராரின் துணிகளை எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் எங்கள் சட்டையை வெட்டுவீர்கள். அம்மா, நீ விடியும்வரை அருகில் அமர்ந்து காஜா எடுப்பாய். எண்ணெய்க் குளியல் முடிந்து நாங்கள் வரும்போது புதுச்சட்டை மஞ்சள் தடவித் தயாராக இருக்கும். உங்கள் இருவருக்கும் புதுத்துணி இருந்ததா என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. இன்று நாங்கள் எடுத்த துணியை நீங்கள் உடுத்தியிருக்கிறீர்கள். எங்களை ஆசீர்வதியுங்கள்.”

அம்மாவை வீட்டில் ‘நீ’ என்று அழைப்பவர்கள் மேடைக்காக மாற்ற வேண்டாம், குரல் அந்நியமாகிவிடும். கடன், உறவினர் மனத்தாங்கல் இரண்டையும் தொடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் அம்மாக்களின் முகம் வாடுகிறது. தாத்தா, பாட்டி வந்திருந்தால் முதல் வணக்கம் அவர்களுக்கு. அப்பாவின் பகுதியைத் தங்கையும் அம்மாவின் பகுதியை நீங்களும் வாசியுங்கள். கடைசி வரியைச் சேர்ந்து சொல்லிவிட்டுக் காலில் விழுங்கள்.